மழை, போர்வை, நாய்: முதல் குறும்படம் 2டி-யா, 3டி-யா?

கேள்வி: "இரண்டு நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்று எடுக்க ஆசை. மழை இரவு, அபார்ட்மென்ட் வாசலில் ஒரு வாட்ச்மேன் தாத்தா, ஒரு தெரு நாய். வசனம் கிடையாது. ஓரளவு வரைவேன். 3டி தெரியாது, கற்றுக்கொள்ளத் தயார். வேலைக்குப் போகிறேன், வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிடைக்கும். எட்டு மாதத்தில் முடிக்க வேண்டும். கையில் 40,000 ரூபாய், 8 ஜிபி ரேம் லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. 2டி-யில் செய்வதா, 3டி-யிலா?"

நீங்கள் சொன்ன விவரங்களுக்கு 2டி. ஆனால் 2டி சுலபம், 3டி கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உழைப்பு இரண்டிலும் உண்டு, அது எப்போது வந்து விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். 2டி வாடகை வீடு மாதிரி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் வாடகை கட்ட வேண்டும். பத்தாவது ஷாட்டிலும் தாத்தாவைத் திரும்ப முதல் கோட்டிலிருந்து வரைய வேண்டும். 3டி சொந்த வீடு கட்டுவது. தாத்தாவை மாடல் செய்து, துணிமணிக்கு நிறம் ஏற்றி, உள்ளே எலும்புக்கூடு வைத்து, முழங்கை மடங்கும்போது சதை சரியாக மடங்குகிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் ஒரு வினாடி படம்கூடக் கையில் இருக்காது. அதெல்லாம் முடிந்த பிறகு, அதே தாத்தாவை எந்தக் கோணத்திலிருந்து வேண்டுமானாலும் எத்தனை ஷாட் வேண்டுமானாலும் எடுக்கலாம். எட்டே மாதம் தங்கப் போகிற ஊரில் யாராவது வீடு கட்டுவார்களா என்பதுதான் நீங்கள் போட வேண்டிய கணக்கு.

நான் பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் 3டி, இப்போது பெரும்பாலும் 2டி. கீழே சொல்வதெல்லாம் தனியாளாக, வேறு வேலை பார்த்துக்கொண்டே எடுக்கும் குறும்படத்துக்கான கணக்கு. நாலு பேர் சேர்ந்து செய்தால் எண்கள் மாறும். கேம் பக்கம் நான் போனதில்லை, அங்கே இது பொருந்துமா என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

முதலில் உங்களிடம் உள்ள நேரம். எட்டு மாதம் என்றால் சுமார் 34 வாரம், வாரம் பத்து என்றால் 340 மணி நேரம். காய்ச்சல், கல்யாணம், தீபாவளி எல்லாம் இதற்குள்தான் வரும்.

இப்போது 2டி. படம் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம் வரைந்தால் போதும், மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 8. தொலைக்காட்சித் தொடர்களில் இந்த எட்டு ரொம்பச் சாதாரணம், பார்ப்பவர்கள் குறை சொல்வதில்லை. உங்கள் 120 வினாடியில் எல்லாமே அசையப் போவதில்லை. தாத்தா தூங்குகிறார், மழை பெய்கிறது, தெருவிளக்கு மினுக்குகிறது. இப்படிப்பட்ட இடங்கள் 40 வினாடி என்று வைப்போம். மழையை ஏழெட்டுப் படங்கள் வரைந்து சுற்றிச் சுற்றி ஓட விடலாம். மீதி 80 வினாடிக்கு, எட்டு வீதம் 640 படங்கள். கரடுமுரடாக ஒரு தடவை, சுத்தமாக ஒரு தடவை, பிறகு நிறம் என்று ஒரு படத்துக்கு 25 நிமிடம் போட்டால் 267 மணி நேரம் ஆகிறது. பின்னணி ஒன்பது, ஒன்றுக்கு நாலு மணி நேரம் என்றால் 36. ஸ்டோரிபோர்டும், அதை நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக்கும் 30, ஒலியும் எடிட்டிங்கும் 20. கூட்டினால் 353. உங்களிடம் இருப்பது 340. இடிக்கிறது, இல்லையா? ஆகவே என் முதல் திருத்தம், படத்தை 90 வினாடியாகக் குறையுங்கள். அசையும் பகுதி 60 வினாடி ஆகும், 480 படங்கள், 200 மணி நேரம். மற்றதெல்லாம் சேர்த்து 286. அம்பது மணி நேரம் கையிருப்பு. அந்த அம்பதும் கரையும், அது வேறு விஷயம்.

அதே கதையை 3டி-யில் போட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியாத இடத்திலிருந்து பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஓர் உருவத்தை உருப்படியாகச் செய்யும் அளவுக்கு வர 100 மணி நேரம். தாத்தாவின் மாடல் 40, நிறமும் மேற்பரப்பும் 15, எலும்புக்கூடு 30. நாய்க்கு மாடல் 25, எலும்புக்கூடு 30. கேட், காவலர் அறை, பிளாஸ்டிக் நாற்காலி, தெரு எல்லாம் சேர்த்து 40. இதுவரை 280 மணி நேரம், அதாவது ஏழாவது மாதம் நடந்துகொண்டிருக்கும். தாத்தா இன்னும் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. அதற்கு மேல் அசைவுக்கு வினாடிக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் 80 வினாடிக்கு 120, ஒளியமைப்பும், கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் இறுதிப் படமாக்கும் ரெண்டர் வேலையும் 30, போர்டும் ஒலியும் 50. மொத்தம் 480. 90 வினாடியாகச் சுருக்கினாலும் அசைவில் 30 மணி நேரம்தான் மிச்சமாகும், அந்த 280 அப்படியே நிற்கும். சொந்த வீட்டின் சிக்கல் இதுதான், ஓர் அறை போதும் என்றாலும் அஸ்திவாரத்தில் பாதியைக் குறைக்க முடியாது.

இந்த எண்களில் எது உறுதி, எது உத்தேசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரேம் கணக்கும் படங்களின் எண்ணிக்கையும் உறுதி. ஒரு படத்துக்கு 25 நிமிடம் என்பதும், 3டி கற்க 100 மணி நேரம் என்பதும் நான் பார்த்த புதியவர்களை வைத்துச் சொல்வது. உங்கள் கை எவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்களே அளந்துகொள்ள ஒரு வழி உண்டு, பிறகு வருகிறேன்.

கதையில் உள்ள பொருட்களும் பேசுகின்றன, அவை பேசுவதைக் கேளுங்கள். தாத்தாவுக்குப் போர்வை உண்டென்று நினைக்கிறேன், மழை இரவில் போர்வை இல்லாத வாட்ச்மேனை நான் பார்த்ததில்லை. 3டி-யில் அந்தப் போர்வை ஒரு தலைவலி. துணி உடம்பின் மேல் விழ வேண்டும், உடம்புக்குள் புகுந்துவிடக் கூடாது, தாத்தா எழுந்து நின்றால் அதுவும் சரிந்து வர வேண்டும். இதற்கென்று தனியாகச் சிமுலேஷன் ஓட்டி, தோளில் துணியைக் கிழித்துக்கொண்டு சதை எட்டிப் பார்ப்பதை ஷாட் ஷாட்டாகச் சரிசெய்ய வேண்டும். 2டி-யில் அதே போர்வை உங்கள் நண்பன். கை, கால், இடுப்பு என்று வரையக் கஷ்டமான எல்லாவற்றையும் ஒரே முக்கோண வடிவத்துக்குள் மறைத்துவிடுகிறது. வரைய வேண்டிய கோடுகள் பாதியாகும்.

டீ கிளாஸும் அப்படித்தான். தாத்தா மேசையிலிருந்து கிளாஸை எடுத்து, ஒரு வாய் குடித்து, கீழே வைக்கிறார். வரையும்போது விரல்களைக் கிளாஸைச் சுற்றி வரைகிறீர்கள், வேலை முடிந்தது. 3டி-யில் கிளாஸ் ஒரு ஃபிரேம் வரை மேசைக்குச் சொந்தம், அடுத்த ஃபிரேமிலிருந்து கைக்குச் சொந்தம். அந்த மாற்றத்தில் கிளாஸ் சட்டென்று ஒரு அடி தள்ளிக் குதிக்கும். புதியவர்கள் எல்லாருக்கும் குதிக்கும். ஏன் என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நனைந்த நாயின் ரோமத்தைப் பற்றி நான் பேசப் போவதே இல்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். உங்கள் கதையில் கேமரா கேட்டைத் தாண்டி, நாற்காலியைச் சுற்றி வந்து, நாயின் கண் உயரத்துக்கு இறங்கி நிற்கிறது என்றால் என் பதில் மாறியிருக்கும். 3டி-யில் அது ஒரு மாலை நேர வேலை. 2டி-யில் ஒவ்வொரு படத்திலும் பின்னணியையே புதிதாக வரைய வேண்டும், பெரிய ஸ்டுடியோவே யோசிக்கும். அதேபோல் வண்டிகள், இயந்திரங்கள், ஒரே அறையில் நாற்பது ஷாட் என்றாலும் 3டி பக்கம் சாய்வேன். என்னுடன் வேலை பார்த்த ஒருவருக்கு ஒரே முகத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி வரைய வராது. அவர் தன் முதல் படத்தை இரண்டு தீப்பெட்டிகளை வைத்து 3டி-யில் எடுத்தார். கை கால் கிடையாது, முகம் கிடையாது, பெட்டி சாய்வதிலும் நிமிர்வதிலும்தான் நடிப்பு. ஆறு வாரத்தில் முடித்தார். அஸ்திவாரச் செலவைக் கிட்டத்தட்டப் பூஜ்ஜியமாக்கிவிட்டார் என்பதுதான் அதன் சூட்சுமம். 3டி வேண்டும் என்று உங்களுக்குப் பிடிவாதம் இருந்தால் அந்த வழியில் போங்கள், தாத்தாவையும் நாயையும் விட்டுவிடுங்கள்.

ரெடிமேட் உருவங்களை வைத்துச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். பிளெண்டர் ஸ்டுடியோ தன் படங்களுக்காகச் செய்த சில மனித உருவங்களை, பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. எலும்புக்கூட்டோடு தயாராக இருக்கும், அசைவு கற்க அதைவிட நல்ல பொம்மை கிடையாது. ஆனால் அவற்றில் லுங்கி கட்டிய நம்மூர்த் தாத்தா இல்லை. ஒன்றை எடுத்துத் தாத்தாவாக மாற்றப் போனால், புதிதாகச் செய்வதில் பாதி வேலை திரும்ப வந்துவிடும்.

அடுத்தது உங்கள் லேப்டாப். 3டி-யில் செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மென்பொருள் இலவசம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். லாட்வியாவிலிருந்து வந்து 2025-இல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' பிளெண்டரில்தான் செய்யப்பட்டது, அதுவும் அதன் வேகமான ரெண்டர் முறையான ஈவியில். ஆனால் ரெண்டர் செய்ய நேரமோ கிராபிக்ஸ் கார்டோ வேண்டும். இரண்டு நிமிடம் 2,880 ஃபிரேம். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில், ஒளியைத் துல்லியமாகக் கணக்கிடும் சைக்கிள்ஸ் முறையில் ஒரு ஃபிரேமுக்கு ஆறு நிமிடம் என்று தாராளமாகவே வைத்தாலும் 288 மணி நேரம், அதாவது பன்னிரண்டு நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். அலுவலக வேலைக்கும் அதே லேப்டாப்தானா? ஈவியில் அரை நிமிடம் என்றால் 24 மணி நேரத்தில் முடியும், ஆனால் நல்ல கார்டு இருந்தால்தான் அந்த வேகம் நிம்மதியாகக் கிடைக்கும். அந்த மாதிரி லேப்டாப் உங்கள் 40,000-க்குள் அடங்காது. அப்புறம் எல்லாம் ஓடி முடிந்த பிறகு மூன்றாவது ஷாட்டில் தாத்தாவின் கை நாற்காலிக்குள் புகுந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த ஷாட்டை மறுபடி ஓட்ட வேண்டும்.

எப்போதாவது ரெண்டர் செய்ய நேர்ந்தால் ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நேராக வீடியோ கோப்பாக எடுக்காதீர்கள், ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனிப் படமாகச் சேமியுங்கள். என் முதல் படத்தில் இரவு முழுக்க ஓடிய ரெண்டர், விடியற்காலையில் கரண்ட் போனதும் மொத்தமாகத் திறக்கவே முடியாத கோப்பாகிவிட்டது. தனிப்படங்களாக இருந்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருப்பேன்.

அந்த முதல் படத்தின் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் 3டி-யின் இன்னொரு பொறி அதில் இருக்கிறது. ஓர் ஆட்டோ ஓட்டுநரின் கதை. நாலு மாதம் ஆட்டோவை மட்டும் மாடல் செய்தேன். மீட்டரில் எண்கள், ஹெட்லைட்டைச் சுற்றி நட்டு, சீட்டில் கிழிசல். திரையில் அழகாகச் சுழன்றது, பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், படம் நகரவே இல்லை. கடைசியில் ஓட்டுநர் இறங்கி நடக்கும் இடத்தில் அவருடைய முழங்கால் ஒரு ஃபிரேமில் பின்பக்கமாக மடங்கியது. எலும்புக்கூட்டில் தவறு. அதைத் திருத்தினால் ஏற்கெனவே செய்த ஐந்து ஷாட்டும் கெடும். அங்கேயே விட்டேன். மாடலிங் செய்யும்போது வேலை நடப்பது போலவே இருக்கும், ஆனால் ஸ்டோரிபோர்டில் இல்லாத பொருளுக்குச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் படத்திலிருந்து எடுத்ததுதான். அடுத்த வருடம் 2டி-யில் 50 வினாடிக்கு ஒன்று எடுத்தேன். சுமாரான படம். ஆனால் முடிந்தது.

2டி-யில் பொறிகள் இல்லையா என்றால், உண்டு. முதல் பொறி உருவம் மெல்ல மெல்ல மாறுவது. ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்தைப் பார்த்தே வரைவதால், ஐம்பதாவது படத்தில் நாயின் தலை கால்வாசி பெரிதாகியிருக்கும். வரையும்போது தெரியாது. முதல் படத்தையும் ஐம்பதாவது படத்தையும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள், உடனே தெரியும். தாத்தா எத்தனை தலை உயரம், நாயின் காது தாத்தாவின் முழங்காலுக்கு எங்கே வரும் என்று ஒரு மாதிரிப் படம் வரைந்து, அதைத் தனி லேயரில் எப்போதும் வைத்திருங்கள். இரண்டாவது பொறி தலையைத் திருப்புவது. பக்கவாட்டு முகத்திலிருந்து நேர் முகத்துக்கு வருவதில் மூக்கு எங்கே போகிறது என்று எல்லாரும் தடுமாறுவார்கள். நடுவில் ஒரு படத்தில் கண்ணை மூட வைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். மூன்று படத்தில் திருப்பம் முடிந்துவிடும், பார்ப்பவர் கண் சிமிட்டலைத்தான் கவனிப்பார்.

கோணங்களில் ஒரு சின்ன ஏமாற்று வேலை உண்டு, அதில் மட்டும் 3டி-யைத் தொட்டுக்கொள்ளுங்கள். கேட், காவலர் அறை, நாற்காலி மூன்றையும் பிளெண்டரில் வெறும் பெட்டிகளாக அடுக்குங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கற்றுக்கொண்டு செய்துவிடலாம். ஒன்பது பின்னணிக்கும் கேமராவை வைத்து ஒவ்வொரு படம் எடுத்து, அதன் மேல் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் வரையுங்கள். தூரமும் கோணமும் சரியாக விழும். பிளெண்டருக்குள்ளேயே வரையும் கிரீஸ் பென்சில் நல்ல கருவிதான், ஆனால் முதல் படத்திலேயே இரண்டையும் சேர்த்துக் கற்க வேண்டாம் என்பது என் கருத்து. வேறு மாதிரி நினைக்கும் நல்ல அனிமேட்டர்களும் இருக்கிறார்கள்.

இப்போது அளந்து பார்க்கும் வழி. அனிமேட்டிக் முடிந்ததும், முதல் ஷாட்டில் தொடங்காமல் கதையிலேயே கஷ்டமான மூன்று வினாடியை எடுங்கள். உங்களுக்கு அது நாய் கேட் இடுக்கில் நுழைந்து தாத்தாவின் காலடியில் வந்து உட்காருவதாக இருக்கலாம். வினாடிக்கு எட்டு வீதம் 24 படம், நிறம் வரை முழுதாக முடியுங்கள். படத்துக்கு 25 நிமிடம் என்றால் பத்து மணி நேரம், உங்கள் ஒரு வார நேரம் சரியாகப் போகும். முதல் பன்னிரண்டு படங்களின் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், கை பழகுவதற்குப் போனது அது. கடைசிப் பன்னிரண்டின் சராசரிதான் உங்கள் உண்மையான வேகம். அது 25-க்குள் இருந்தால் மேலே போட்ட கணக்கு நிற்கும். 40-ஐத் தொட்டால் குறும்படத்தின் நீளத்தை ஒரு நிமிடமாக்குங்கள், அல்லது தாத்தா உட்கார்ந்திருக்கும் ஷாட்டுகளில் தலை, கை, உடம்பு என்று தனித்தனியாக வெட்டி ஆட்டும் கட்-அவுட் முறைக்குப் போங்கள். அவர் உட்கார்ந்தே இருப்பதால் அது எடுபடும். நடக்கும் நாய்க்கு எடுபடாது, காகித பொம்மை போல ஆகிவிடும்.

மனது இன்னும் 3டி-யிலேயே இருந்தால், அடுத்த வாரம் அந்த ரெடிமேட் உருவம் ஒன்றை மூன்று வினாடி நடக்க வைத்துப் பாருங்கள். பாதம் தரையில் வழுக்கும். அதைவிட முக்கியமாக, உடம்பு தண்ணீருக்குள் இருப்பது போல மிதக்கும். நீங்கள் வைத்த இரண்டு நிலைகளுக்கு நடுவே கணினியே நிரப்புவதால் எதுவும் எங்கேயும் நிற்பதில்லை, அதனால் வருவது அது. அதைச் சரிசெய்யும் வேலை உங்களுக்குப் பிடித்திருந்தால் 3டி உங்களுக்கு உரியதுதான், ஆனால் இரண்டாவது படத்துக்கு. சென்னையில் விஎஃப்எக்ஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வதுதான் உங்கள் நோக்கம் என்றால் நான் இவ்வளவும் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே கேட்பது பெரும்பாலும் 3டி வேலைதான், அதற்கு முழுப் படமே தேவையில்லை, பத்து வினாடி நல்ல அசைவு போதும்.

பணத்தைப் பொறுத்தவரை, சிறிய பென் டேப்லெட் ஒன்று நாலைந்தாயிரத்துக்குள் கிடைக்கும், திரை உள்ளது வேண்டாம். ரேமை 16 ஜிபி ஆக்க உங்கள் லேப்டாப் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள், கிரிட்டா ஃபிரேம்களை நினைவகத்தில் வைத்துத்தான் ஓட்டிக் காட்டும், நீளமான ஷாட்டுகளில் 8 திணறும். மீதிப் பணத்தைத் தொடாமல் ஒலிக்கு வையுங்கள். வசனம் இல்லாத படத்தில் தகரக் கூரையில் மழை விழும் ஓசையும், கேட் கிறீச்சிடுவதும், நாயின் மூச்சும்தான் பேச வேண்டும். அதை ஒருவர் ஒழுங்காகச் செய்து கொடுத்தால், வினாடிக்கு எட்டுப் படம்தான் ஓடுகிறது என்பதே யாருக்கும் உறைக்காது.

நாய் உடம்பை உதறும் இடத்துக்கு மட்டும் எட்டு போதாது, பன்னிரண்டு வேண்டும். நாலே படம் வரைந்து மூன்று தடவை சுற்றினால் ஒரு வினாடி ஆகிவிடும். உதறல் தலையில் தொடங்கி உடம்பு வழியாக வாலுக்குப் போகிறது, எனவே தலை இடப்பக்கம் இருக்கும்போது இடுப்பு இன்னும் வலப்பக்கம் இருக்கட்டும். தண்ணீர்த் துளிகளைத் தனி லேயரில் வையுங்கள்.